பத்து சென் பக்கத்தில்: பொருளின் அளவைப் படத்தில் காட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவைத்தான் எழுதிப் போட்டிருக்கோமே, படத்திலும் எதுக்குக் காட்டணும்?

"உயரம் 7.5 செ.மீ" என்று படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது கண்ணுக்குள் வருகிறது? பினாங்கு ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா பக்கத்தில் பித்தளை விளக்கும் கவரிங் நகையும் விற்கும் சின்னக் கடை என்னுடையது. கடைக்கு வருகிறவர்கள் அளவு கேட்பதே இல்லை. விளக்கைக் கையில் எடுத்து, ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "இது சாமி மேடைக்குச் சரியா இருக்கும்" என்று முடிவு செய்துவிடுவார்கள். கைப்பேசித் திரையில் அந்த வசதி கிடையாது. 7.5 செ.மீ காமாட்சி விளக்கும் 20 செ.மீ காமாட்சி விளக்கும் திரை முழுக்க ஒரே மாதிரித்தான் நிற்கும். இரண்டின் வடிவமும் ஒன்று, நிறமும் ஒன்று.

நம் ஆட்களுக்கு ஒப்பிட்டு அளப்பது புதிதில்லை. பூக்கடையில் மல்லிகை முழம் போடும்போது அம்மா பூவைப் பார்க்க மாட்டார், பூக்காரரின் கையைத்தான் பார்ப்பார். கை குட்டையாக இருந்தால் முழமும் குட்டை என்று அவருக்குத் தெரியும். அளக்கிற கருவி கண்ணுக்குத் தெரிந்தால் கணக்கும் தெரிந்துவிடும். படத்தில் நாணயமோ கையோ வைப்பதும் அதற்காகத்தான்.

நான் நாணயம் வெச்சுத்தான் படம் எடுத்தேன். அப்படியும் "படத்துல பெரிசா இருந்துச்சு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எப்படி?

எனக்கும் இதேதான் நடந்தது. தீபாவளிக்கு முன்னால் ஈப்போவில் இருந்து ஒரு அம்மா 7.5 செ.மீ காமாட்சி விளக்கு வாங்கினார். இரண்டு நாளில் செய்தி வந்தது: "படத்தில் காட்டியதைவிட ரொம்பச் சின்னது தங்கச்சி." கூடவே விளக்கின் பக்கத்தில் ஒரு ஐம்பது சென் காசு வைத்து அவரே எடுத்த படம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் ஐம்பது சென்தானே வைத்திருந்தேன். அப்புறம் இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் தவறு என்னுடையது என்று புரிந்தது. ஒரு தவறு இல்லை, இரண்டு.

முதல் தவறு தூரம். விளக்குக்குப் பின்னால் ஒரு தாம்பாளம் இருந்தது, நாணயத்தை அதன் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. கைப்பேசிக்கும் விளக்குக்கும் 20 செ.மீ. நாணயம் அதற்கும் 5 செ.மீ பின்னால், அதாவது 25 செ.மீ. கேமராவுக்குத் தூரமாக இருப்பது அதே விகிதத்தில் சிறுத்துத் தெரியும். 20க்கு 25 என்றால் நாணயம் ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிட்டது. பார்க்கிறவர் அப்படி நினைப்பதில்லை. காசின் அளவு அவருக்குத் தெரியும், அதனால் காசைச் சரியென்று வைத்துக்கொண்டு விளக்கைத்தான் பெரிதாக்கிக்கொள்வார். கணக்குப் போட்டால் என் 7.5 செ.மீ விளக்கு அவருக்கு ஏறக்குறைய 9.4 செ.மீ விளக்காகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது தவறு காசு. நான் வைத்தது 2012இல் வந்த புது ஐம்பது சென், குறுக்களவு 22.65 மி.மீ. அந்த அம்மாவின் கையில் இருந்தது 1989 வரிசைப் பழைய ஐம்பது சென், ஏறக்குறைய 27.8 மி.மீ. அவர் மனதில் ஐம்பது சென் என்றால் அந்தப் பெரிய காசுதான். அதை வைத்து என் படத்தைப் பார்த்தால் விளக்கு 11.5 செ.மீ வரை போய்விடுகிறது. 7.5 எங்கே, 11.5 எங்கே? அவர் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே அந்தப் படத்தை நீக்கிவிட்டேன்.

அப்ப எப்படி எடுத்தால் சரியா வரும்?

நாணயமும் பொருளும் கேமராவில் இருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு உதவி செய்கிற வேலைகள்தான். அதே காமாட்சி விளக்கை நான் மறுபடி எடுத்த விதத்தைச் சொல்கிறேன்.

மேசையில் ஒரு நேர்க்கோடு வேண்டும். நான் மாஸ்கிங் டேப் ஒன்றை மேசையின் குறுக்கே ஒட்டினேன். இனி விளக்கின் எந்தப் பகுதியைக் கோட்டில் வைப்பது என்று யோசிக்க வேண்டும். காமாட்சி விளக்கில் அம்மன் உருவமும் யானைகளும் உள்ள பின்தகடு மேலே எழுந்து நிற்கும், எண்ணெய்க் குழியும் திரி முகமும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். உயரத்தைத் தீர்மானிப்பது பின்தகடு. அதனால் பின்தகடு கோட்டின் மேல் வர வேண்டும், திரி முகத்தின் நுனி இல்லை. நாணயம் அதே கோட்டில், தகட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி.

நாணயத்தைப் படுக்க வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். படுத்த காசு முன்னால் இருந்து பார்த்தால் நசுங்கிய வட்டமாகத் தெரியும், எந்தப் பக்கத்தை அளவாக எடுப்பது என்று பார்க்கிறவருக்குக் குழப்பம் வரும். பின்பக்கம் துளி புளூ டாக் வைத்தால் நிற்கும். அது இல்லாத அன்றைக்குச் சப்பாத்தி மாவு உருண்டையை வைத்தே எடுத்திருக்கிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்தது, பின்னால் போங்கள். நம் எல்லாருக்கும் பொருளுக்குக் கிட்டே போய் எடுக்கிற பழக்கம். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை உள்ளது, கிட்டே போகப் போக முன்னால் இருப்பதை ஊதிக் காட்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். விளக்கு சட்டத்தில் சிறிதாகத் தெரிந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. 20 செ.மீ தூரத்தில் எடுக்கும்போது நாணயத்தை ஒரு செ.மீ முன்பின் வைத்தால் அளவு நூற்றுக்கு ஐந்து தவறும். ஒரு மீட்டரில் அதே தவறு நூற்றுக்கு ஒன்றுதான், யாருக்கும் தெரியாது.

கேமராவை விளக்கின் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி மேலிருந்து குனிந்து எடுத்தால் உயரம் குறுகிவிடும். அப்போது உண்மையில் உயரமான குத்துவிளக்குகூடக் குள்ளமாகத் தெரிந்து, விற்க வேண்டியது விற்காமல் போகும். நான் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் எடுக்கிறேன்.

எடுத்த படம் சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

திரையின் மேலேயே ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். என் இரண்டாவது படத்தில் பத்து சென் காசு திரையில் 10 மி.மீ இருந்தது, விளக்கு 40 மி.மீ. அதாவது விளக்கு நான்கு காசு உயரம். காசின் உண்மை அளவு 18.8 மி.மீ, நான்கால் பெருக்கினால் 75.2 மி.மீ. விளக்கு 75 மி.மீ. இப்படி வந்தால் படத்தைப் போடலாம். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மறுபடி எடுத்துவிடுவேன். பெரும்பாலும் காசு கோட்டில் இருந்து நகர்ந்திருக்கும்.

எந்தக் காசு நல்லது? ஐம்பது சென்தானே பெரிசா, தெளிவா இருக்கு?

பத்து சென் வையுங்கள். ஈப்போ அம்மாவுக்குப் பிறகு நான் எல்லாக் காசையும் எடுத்து அளந்து பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

நம் நாட்டில் இரண்டு வரிசைக் காசும் இன்னும் வீட்டு உண்டியல்களில் கலந்து கிடக்கின்றன. ஐம்பது சென்னில் பழையதற்கும் புதியதற்கும் 5 மி.மீ வித்தியாசம். இருபது சென்னில் பழையது ஏறக்குறைய 23.6, புதியது 20.6. பழைய இருபது சென் புதிய ஐம்பது சென்னைவிடப் பெரியது, இதைக் கடையில் காட்டினால் பலர் நம்ப மாட்டார்கள். பத்து சென்னில் மட்டும் பழையது 19.4, புதியது 18.8. வித்தியாசம் ஒரு மி.மீட்டர்கூட இல்லை, இரண்டும் வெள்ளி நிறம். வாங்குகிறவர் எந்த வரிசையை நினைத்துக்கொண்டாலும் அளவு தவறாது.

ஒரே ஒரு கவனம்: "10" என்ற எண் உள்ள பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். புது ஐந்து சென்னும் அதே நிறம், ஒரு மி.மீ மட்டும் சிறியது, எண் தெரியாவிட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு சிங்கப்பூர், தமிழ்நாட்டில் இருந்தும் ஆர்டர் வருது. அவங்களுக்கு நம்ம சென் தெரியாதே?

அவர்களுக்குக் காசு வேண்டாம், அட்டை வையுங்கள். வங்கி அட்டை, டச் அண்ட் கோ அட்டை எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவு: 85.6 மி.மீ நீளம், 54 மி.மீ அகலம். சென்னையில் இருப்பவர் தன் பணப்பையில் இருந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாலே போதும். ஆனால் உங்கள் வங்கி அட்டையையோ ஐசியையோ வைக்காதீர்கள். ஒரு தோழி தன் ஐசியை வைத்துப் படம் எடுத்து, எண் தெளிவாகத் தெரிவதை நான் சொன்ன பிறகுதான் கவனித்தார். எண் எதுவும் தெரியாதபடி டச் அண்ட் கோ அட்டையோ, பழைய கடை உறுப்பினர் அட்டையோ போதும்.

ஜிமிக்கி, தோடு எல்லாம் கையில வெச்சுக் காட்டலாமா?

காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் கை செய்கிற வேலை வேறு, காசு செய்கிற வேலை வேறு. காசு எண்ணைச் சொல்லும். கை, "இதைப் போட்டால் இப்படி இருக்கும்" என்ற உணர்வைக் கொடுக்கும். கையை மட்டும் நம்பி அளவு கணக்கிட முடியாது. கைகள் அவ்வளவு வேறுபடுகின்றன. என் உள்ளங்கை, கட்டைவிரலைச் சேர்க்காமல், 7.5 செ.மீ அகலம். என் தம்பியுடையது 9 செ.மீ. ஒரே ஜிமிக்கியை இரண்டு பேர் கையிலும் வைத்து எடுத்துப் பார்த்தோம். என் கையில் அது கல்யாண ஜிமிக்கி, அவன் கையில் பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற ஜிமிக்கி. அதனால் என் படங்களின் ஓரத்தில் "உள்ளங்கை அகலம் 7.5 செ.மீ" என்று எழுதிவிடுகிறேன். குழந்தையின் கையில் நகையை வைத்து எடுக்காதீர்கள். படம் அழகாக வரும், பொருளும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. பட்டர்வெர்த் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த மீனை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் படம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் கேமராவுக்குக் கிட்டே, ஆள் தூரத்தில், அதனால் மீன் ஆளையே மறைக்கும். இரண்டு விரல் நுனியில் ஜிமிக்கியைத் தொங்கவிட்டு, உள்ளங்கை பின்னால் தெரிய எடுத்தால் அதேதான் நடக்கிறது. விரல் நுனியும் ஜிமிக்கியும் ஒரே தூரத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் பார்க்கிறவரின் கண் உள்ளங்கையோடுதான் ஒப்பிடும். விரித்த உள்ளங்கையில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். வலது கையில் வைத்து இடது கையால் எடுக்கத் தடுமாறினால், கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி மூன்று விநாடி டைமர் வையுங்கள்.

மேசையில் வைத்து மேலிருந்து எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜிமிக்கியின் குடை இரண்டு செ.மீ கனம் என்றால் அதன் மேல்பக்கம் கேமராவுக்கு இரண்டு செ.மீ கிட்டே வந்துவிடும். பக்கத்தில் வைக்கும் காசு மேசையோடு ஒட்டிக் கிடக்கும். காசுக்கு அடியில் ஓர் அழிப்பான் வைத்துக் குடையின் நடு உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள்.

இன்னொன்று: காதணிக்குக் கையைவிடக் காதே நல்ல அளவுகோல். கடையில் வேலை செய்கிற அக்கா போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்றால், ஜிமிக்கி தாடை வரை தொங்குகிறதா, காது மடலோடு நின்றுவிடுகிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்லுங்கள்.

சாமி சிலையைக் கையில ஏந்திக் காட்டினால் யாராவது தப்பா நினைப்பாங்களா?

சிலர் நினைப்பார்கள், அவர்கள் மனம் சங்கடப்பட நாம் காரணமாக இருக்க வேண்டாம். வலது உள்ளங்கையில் வைத்து எடுங்கள். இடது கையில் பிள்ளையாரைப் பிடித்திருந்த என் பழைய படம் ஒன்றுக்கு வயதான ஐயா ஒருவர் போன் செய்து பொறுமையாகச் சொன்னார், நான் உடனே மாற்றிவிட்டேன். சிலையின் காலடியில் காசு வைப்பதைவிடப் பக்கவாட்டில் நிறுத்துவது நல்லது. காலடியில் வைத்தால் காணிக்கை போலத் தெரியும்.

வளையலுக்கு எந்தக் காசு வைக்கிறது?

வளையலுக்குக் காசும் வேண்டாம், கையும் வேண்டாம். உள்விட்டம் கொஞ்சம் குறைந்தாலே கைக்குள் போகாது. ஸ்கேலின் மேல் வளையலை வைத்து, உள் ஓரம் முதல் உள் ஓரம் வரை தெரியும்படி எடுங்கள். கூடவே மி.மீட்டரில் எழுதுங்கள். 2.4 என்ற வளையல் அளவை இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. அது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம், 57 மி.மீ. 2.6 என்றால் 60 மி.மீ, 2.8 என்றால் 63.5 மி.மீ.

வீட்டுல இருக்கிற பொருளையே வெச்சுக் காட்டினால் இன்னும் இயல்பா இருக்குமே?

வாங்குகிறவர் வீட்டிலும் அது அதே அளவில் இருந்தால் வையுங்கள். எலுமிச்சம்பழம் என்று நினைத்து நாம் வைப்பது ஒன்று, இங்கே பலர் மனதில் வருவது கோலி அளவுள்ள கஸ்தூரி எலுமிச்சை. எவர்சில்வர் தம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். குளிர்பான டின்கூட இப்போது ஒல்லியாக ஒன்று, குண்டாக ஒன்று என்று வருகிறது. A4 தாள் எல்லா இடத்திலும் 21 செ.மீ அகலம், 29.7 செ.மீ நீளம், அதனால் பெரிய குத்துவிளக்குக்கு அதைத்தான் வைக்கிறேன். அதைப் பின் சுவரில் ஒட்டினால் பழைய தாம்பாளக் கதைதான் மறுபடி நடக்கும், அட்டையில் ஒட்டி விளக்கின் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

பொருளைப் பயன்படுத்துகிற இடத்தில் காட்டுவது வேறு. சாமி மேடையில் விளக்கை ஏற்றி வைத்து எடுத்த படம் அழகுக்கு. அதை அளவுப் படம் என்று எண்ண வேண்டாம்.

காசு இல்லாமல் எடுத்த படத்துல அப்புறமா எடிட் பண்ணிக் காசை ஒட்டிக்கலாமா?

வேண்டாம். எவ்வளவு பெரிதாக ஒட்டுவது என்பது உங்கள் கண் மதிப்பீடுதான், அளவுகோல் இல்லை. நிழல் விழும் பக்கமும் பொருந்தாது, பார்க்கிறவர் உடனே சந்தேகப்படுவார்.

"காசும் சேர்ந்து வருமா?"ன்னு கேக்கிறாங்க. முதல் படத்துலயே வைக்கலாமா?

முதல் படத்தில் பொருள் மட்டும் நிற்கட்டும். இரண்டாவது படம் காசோடு, அதன் மேலேயே "உயரம் 7.5 செ.மீ, பத்து சென் அளவுக்காக மட்டும்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். மூன்றாவது கையோடு. நான்காவது, ஐந்தாவதில் வைத்தால் அதுவரை யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை.

என்கிட்ட முந்நூறு பொருளுக்குப் பழைய படம் இருக்கு. எல்லாத்தையும் மறுபடி எடுக்கணுமா?

ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். முதலில் திரும்பி வந்தவற்றை எடுங்கள். அடுத்து, ஒரே வடிவத்தில் மூன்று நான்கு அளவு உள்ளவை: காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ், சொம்பு. இவற்றைத் தனித்தனியாக எடுக்காமல் எல்லா அளவையும் ஒரே கோட்டில் வரிசையாக நிறுத்தி, ஓரத்தில் ஒரு காசோடு ஒரே படமாக எடுத்தால் வேலையும் குறையும், வாங்குகிறவருக்கு எது சின்னது எது பெரியது என்ற சந்தேகமும் போய்விடும். எங்கள் கடையில் காமாட்சி விளக்கு நான்கு அளவு. அந்த ஒரே படத்தைப் போட்ட பிறகு ஈப்போ அம்மாவுக்கும் அனுப்பினேன். இடமிருந்து மூன்றாவதைக் கேட்டார்.